பெற்றோரைக் கனடாவுக்கு அழைக்கும் கடிதம்: செலவை யார் ஏற்பதாக எழுதுவது?

மும்பையில் செம்பூர், மாதுங்கா, முலுண்டு பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மகளோ மகனோ கனடாவில் குடியேறியிருந்தால், பெற்றோரை வரவழைப்பதற்கான ஆங்கிலக் கடிதம் பெரும்பாலும் தொலைபேசியில்தான் உருவாகிறது. அப்பா இங்கிருந்து தமிழில் விவரங்களைச் சொல்ல, மகள் அங்கே அவற்றை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறாள். அந்த உரையாடலில் ஒரு கேள்வி மட்டும் தெளிவாகக் கேட்கப்படாமலே போய்விடுகிறது. பயணச் செலவு பெற்றோருடையதா, பிள்ளையுடையதா, அல்லது இருவரும் பகிர்ந்துகொள்வதா என்பதே அந்தக் கேள்வி. எந்த விசாவுக்கு விண்ணப்பிப்பது, என்னென்ன சான்றுகளை இணைப்பது, கடிதத்தில் எதை அழுத்திச் சொல்வது ஆகிய அனைத்தும் அதற்கான பதிலைப் பொறுத்தே அமைவதால், கடிதத்தின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே அதைத் தீர்மானித்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

தேர்வுகள் மூன்று. முதலாவது, சாதாரண விசிட்டர் விசாவுக்கான கடிதத்தில், பெற்றோர் தங்கள் சொந்தப் பணத்தில் வருகிறார்கள் என்றும், பிள்ளை தங்க இடமும் உணவும் தருவதாகவும் எழுதுவது. இரண்டாவது, அதே விசாவுக்கு, விமானச் சீட்டு முதல் மருத்துவம் வரை எல்லாச் செலவையும் பிள்ளையே ஏற்பதாக எழுதுவது. மூன்றாவது, பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் மட்டுமே உரிய சூப்பர் விசாவுக்கு விண்ணப்பித்து, அதற்குக் கட்டாயமான நிதி ஆதரவு உறுதிக் கடிதத்தைக் கையெழுத்திட்டுத் தருவது. இவற்றை ஒப்பிடுவதற்கு ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம்.

தந்தைக்கு வயது 66. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மாதம் 38,000 ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. வங்கியில் 14 லட்சம் ரூபாய் வைப்பு நிதி இருக்கிறது. செம்பூரில் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் கட்டடத்தில் அவர் பெயரில் வீடு இருக்கிறது. தாய்க்கு வயது 61, இல்லத்தரசி. தந்தையின் தாயாருக்கு வயது 88; அவரும் அதே வீட்டில் வசிக்கிறார். மணமாகாத மகன் அந்தேரியில் வேலை பார்த்துக்கொண்டு பெற்றோருடன் இருக்கிறான். மகள் கனடாவில் நிரந்தரக் குடியுரிமை பெற்று, டொராண்டோவை அடுத்த மிசிசாகாவில் கணவருடன் ஒரு வாடகை வீட்டில் வசிக்கிறாள். இருவரும் வேலைக்குப் போகிறார்கள். அவளுக்கு முதல் பிரசவம் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில். ஆகஸ்டு 20 அன்று போய் டிசம்பர் 18 அன்று திரும்புவது பெற்றோரின் திட்டம்.

முதலில், யார் பணம் கொடுத்தாலும் கடிதத்தில் இருந்தே தீர வேண்டிய விவரங்களைப் பார்த்துவிடலாம். அழைக்கப்படுபவரின் முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண், அழைப்பவருக்கும் அவருக்கும் உள்ள உறவு, பயணத்தின் நோக்கம், எத்தனை நாள் தங்குவார், எங்கே தங்குவார், செலவுக்கு என்ன வழி, எப்போது கனடாவை விட்டுப் புறப்படுவார் ஆகியவற்றைக் கனடாவின் குடிவரவுத் துறை எதிர்பார்க்கிறது. அழைப்பவரைப் பற்றி அவருடைய பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி, வேலை, கனடாவில் அவருடைய குடியுரிமை நிலை, அதற்கான சான்றின் நகல், கணவன் அல்லது மனைவி மற்றும் சார்ந்திருப்போரின் பெயரும் பிறந்த தேதியும், வீட்டில் இருப்போரின் மொத்த எண்ணிக்கை ஆகியவை வேண்டும். பாசத்தைச் சொல்லும் வரிகள் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம், இதற்குப் போதும்.

இந்த விவரங்களில் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே இருக்கும் சிக்கல் பெயரில்தான் தொடங்குகிறது. தந்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். அவருடைய பெயர் மட்டும், சில நேரம் இனிஷியலை விரித்தெழுதிய அவருடைய தந்தையின் பெயரோடு சேர்ந்து, கிவன் நேம், அதாவது கொடுத்த பெயர், என்ற இடத்தில் இருக்கும். தாயின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கலாம். மகளின் பாஸ்போர்ட்டில் திருமணத்துக்கு முன் தந்தை பெயரும், புதுப்பித்த பிறகு கணவர் பெயரும் இருக்கும். இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஓர் அயல்நாட்டு அதிகாரிக்கு, மூவருக்கும் பொதுவான பெயர் எதுவும் கண்ணில் படாது. ஆகவே கடிதத்தில் ஒவ்வொருவரின் பெயரையும் அவரவர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டல் மாறாமல் எழுதிவிட்டு, எங்கள் வழக்கத்தில் தலைமுறை தோறும் தொடரும் குடும்பப் பெயர் கிடையாது, தந்தையின் பெயரோ கணவரின் பெயரோ உடன் சேர்கிறது என்று ஒரே வாக்கியத்தில் விளக்கி, மகளின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் பெயர் இருக்கும் பக்கத்தைச் சுட்டிவிட வேண்டும். பழைய பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் வீட்டில் அழைக்கும் பெயராகவோ வேறு எழுத்துக்கூட்டலிலோ இருந்தால், பெற்றோர் இருவரின் பெயரையும் தாங்கிய மகளின் இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து இணைப்பது பயன் தரும். விண்ணப்பப் படிவத்தில், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர் தம் பெயர் முழுவதையும் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதிவிட்டு, கொடுத்த பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்பது அந்தத் துறையின் நெறி. படிவத்தில் ஒரு வரிசையிலும் கடிதத்தில் வேறு வரிசையிலும் பெயர் அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

பிறந்த தேதியும் அப்படித்தான். பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த தேதி ஒன்று, ஜாதகத்தில் உள்ள தேதி வேறொன்று என்பது அந்தத் தலைமுறையில் சாதாரணம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை ஜாதகப்படி கொண்டாடிய மகளுக்கு அந்தத் தேதிதான் நினைவில் நிற்கும். கடிதத்தில் பாஸ்போர்ட் தேதியே இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் திருநெல்வேலிப் பக்கத்து ஊர் முகவரியும் நடப்பில் செம்பூர் முகவரியுமாக இருந்தால், கடிதத்தில் செம்பூர் முகவரியை எழுதி, எத்தனை ஆண்டுகளாக அங்கே வசிக்கிறார்கள் என்பதையும் சேர்க்கலாம். சொந்த வீடும் நீண்டகால வசிப்பும் திரும்பி வருவதற்கான காரணங்களாதலால், அந்த வரி வெறும் முகவரியைக் காட்டிலும் அதிகம் சொல்கிறது.

இனிச் செலவுக்கு வருவோம். செலவைப் பெற்றோரே ஏற்கும் முதல் வகைக் கடிதத்தின் பலம், அதிகாரி தீர்மானிக்க வேண்டிய மையக் கேள்விக்கு அது நேராகப் பதில் சொல்கிறது என்பதில் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட காலம் முடிவதற்குள் வந்தவர் கனடாவை விட்டுப் புறப்படுவார் என்று அதிகாரி நம்பினால்தான் விசா தர முடியும். விதிமுறையில் அது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. மாதந்தோறும் வரும் ஓய்வூதியம், வைப்பு நிதி, சொந்த வீடு, மும்பையில் இருக்கும் மகன் ஆகியவை திரும்பி வருவதற்கான காரணங்கள். பெற்றோர் தங்கள் பணத்தில் வரும்போது இந்தச் சான்றுகள் விண்ணப்பத்தின் நடுவில் இடம் பெறுகின்றன. நம் மாதிரித் தந்தைக்கு இது பொருந்தும்: இருவருக்கும் விமானச் சீட்டும் மருத்துவக் காப்பீடும் எடுத்த பிறகும், 14 லட்சத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். தங்க இடத்துக்கு வாடகை இல்லை என்பதை மகளின் கடிதம் உறுதி செய்கிறது.

இதன் பலவீனம், சான்றில் இல்லாத வசதியைக் கடிதம் கோரும்போது வெளிப்படுகிறது. ஓய்வூதியம் இல்லாமல், தாராவியிலோ சயன் கோலிவாடாவிலோ சிறு கடை வைத்து ரொக்கத்தில் வியாபாரம் செய்யும் பெற்றோருக்கு, வருமான வரிக் கணக்கும் ஒழுங்கான வங்கிக் கணக்கும் இல்லையென்றால், சொந்தப் பணம் என்ற கூற்றைத் தாங்க எதுவும் இருக்காது. அதைச் சரிக்கட்டுவதற்காக விண்ணப்பத்துக்கு முந்தின வாரத்தில் உறவினரிடம் வாங்கிய தொகையைக் கணக்கில் போட்டு வைப்பவர்கள் உண்டு. ஆறு மாத வங்கி அறிக்கையில் சில ஆயிரங்களாக ஓடிக்கொண்டிருந்த இருப்பு திடீரென்று 8 லட்சமாக உயர்வதை எந்த அதிகாரியும் கவனிப்பார். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லாவிட்டால், பணம் இல்லாததைவிட அது மோசமான நிலை.

எல்லாச் செலவையும் பிள்ளையே ஏற்கும் இரண்டாவது வகை அப்படிப்பட்ட பெற்றோருக்கே உரியது. அங்கே மகளின் வேலைக் கடிதம், அண்மைச் சம்பளச் சீட்டுகள், கனடா வருமான வரித்துறை தரும் நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட், வங்கி அறிக்கை ஆகியவை முன்னால் வர வேண்டும். வேலைக் கடிதத்தில் பதவி, சேர்ந்த தேதி, ஆண்டுச் சம்பளம் மூன்றும் இருக்க வேண்டும். கடை உரிமம், வாடகை ஒப்பந்தம், வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைகள், பேரக்குழந்தைகள் என்று திரும்பி வருவதற்கான காரணங்களையும் தவறாமல் காட்ட வேண்டும். ஏனெனில் பிள்ளையின் வருமானம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அது பெற்றோர் தங்கும் நாள்களைத் தாங்குமே தவிர, அவர்கள் திரும்புவார்கள் என்பதற்குச் சான்றாகாது.

கவலைக்குரிய நடைமுறை என்னவென்றால், வசதியுள்ள பெற்றோருக்கும் இந்த இரண்டாவது வகையே எழுதப்படுகிறது. ஏஜெண்டுகளிடம் இருக்கும் அச்சுப் பிரதியில் அழைப்பவர் எல்லாச் செலவையும் ஏற்பதாகத்தான் வாசகம் இருக்கிறது. மகளுக்கும் அப்பா அம்மாவுக்குத் தானே செய்ய வேண்டும் என்ற ஆசை இருப்பதால், அதை அப்படியே கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறாள். இதற்கிடையே தந்தை, பெண் வீட்டில் செலவு வைக்கக் கூடாது, சம்பந்தி வீட்டார் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற எண்ணத்தில், விமானச் சீட்டைத் தன் வைப்பு நிதியிலிருந்துதான் எடுப்பேன் என்று இருக்கிறார். விண்ணப்பப் படிவத்திலும் பயணத்துக்குத் தன்னிடம் உள்ள தொகை என்று அதையே குறிப்பிடுகிறார். ஒரே கோப்பில், படிவம் தந்தையின் பணம் என்கிறது, கடிதம் மகளின் பணம் என்கிறது. இரண்டு பேரும் நல்ல மனத்தோடு சொன்னவைதான் என்றாலும், படிப்பவருக்கு அது முரண்பாடாகவே தெரியும்.

ஆகவே இந்த மாதிரிக் குடும்பத்துக்கு விசிட்டர் விசாவைத் தேர்ந்தால், முதல் வகையை ஒட்டிய ஒரு பகிர்வுக் கடிதத்தையே நான் பரிந்துரைப்பேன். போக வர விமானச் சீட்டு, பயண மருத்துவக் காப்பீடு, கைச்செலவு ஆகியவை தந்தையின் சேமிப்பிலிருந்து. தங்கும் இடம், உணவு, உள்ளூர்ப் பயணம் ஆகியவை மகள், மருமகனின் பொறுப்பு. எதை யார் ஏற்கிறார் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த ஆவணம் சான்று என்பதையும் அதே வாக்கியத்தில் குறித்துவிட்டால், அதிகாரி தேட வேண்டியதில்லை. தந்தையின் சுயமரியாதையையும் மகளின் கடமையுணர்வையும் பொய்யாக்காமல் உண்மையை உள்ளபடி சொல்ல இந்த வடிவமே இடம் கொடுக்கிறது என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தக் கடிதத்தில் நோக்கத்தைச் சொல்லும் பத்தி தனிக் கவனம் கேட்கிறது. பிரசவத்துக்கு அம்மா வருகிறாள் என்பது நமக்கு விளக்கம் தேவைப்படாத செய்தி. ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், இங்கே காப்பகச் செலவு அதிகம், நாங்கள் இருவரும் வேலைக்குப் போக வேண்டும் என்றெல்லாம் மகள் எழுதிக்கொண்டே போனால், பெற்றோர் சந்திக்க வரவில்லை, ஒரு வேலையை நிரப்ப வருகிறார்கள் என்ற தோற்றம் உண்டாகிறது. அதோடு, அந்தத் தேவை நான்கு மாதத்தில் எப்படி முடியும் என்ற கேள்வியும் எழுகிறது. தாய் மகளுக்கு ஊதியமில்லாமல் குழந்தை வளர்ப்பில் குறுகிய காலம் உதவுவதைக் கனடா வேலையாகக் கருதுவதில்லை; ஆகவே மறைக்க வேண்டியதும் இல்லை. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் முதல் குழந்தை எதிர்பார்க்கப்படுகிறது, பிரசவத்தின்போதும் அதன் பின் முதல் மூன்று மாதங்களும் பெற்றோர் உடனிருப்பார்கள், டிசம்பர் 18 அன்று திரும்புகிறார்கள் என்று எழுதி, எதிர்பார்க்கும் தேதியைக் காட்டும் மருத்துவரின் குறிப்பை இணைத்தால் நோக்கமும் கால அளவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மகளின் பேறுகால விடுப்பு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால், தாய் ஊர் திரும்பிய பிறகு குழந்தையை யார் பார்ப்பார் என்ற ஐயம் எழுவதற்கு இடமிருக்காது.

88 வயதுப் பாட்டியின் விவரம் இன்னும் நுட்பமானது. திரும்பி வருவதற்கு வலுவான காரணம் என்று கருதி, பாட்டி முழுக்க முழுக்க இவர்களையே நம்பியிருக்கிறார் என்று எழுதும் வழக்கம் உண்டு. அப்படியானால் நான்கு மாதம் அவரை விட்டுவிட்டு எப்படிப் போகிறார்கள் என்பது அடுத்த நொடியில் எழும் கேள்வி. இந்தக் குடும்பத்தில் அதற்கு உண்மையான பதில் இருக்கிறது: அந்த மாதங்களில் டோம்பிவிலியில் உள்ள சித்தப்பா வீட்டில் பாட்டி இருப்பார், டிசம்பருக்குப் பின் செம்பூருக்குத் திரும்புவார். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்த விவரம் பலமாகிறது. பாதியை மட்டும் சொல்வதாக இருந்தால் பாட்டியைப் பற்றிக் கடிதத்தில் எழுதாமல் இருப்பதே நல்லது. விசிட்டர் விசாவில் வருவோர் பொதுவாக ஒரு முறைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம் என்பதால், கிடைக்கும் என்பதற்காக ஆறு மாதத்தையும் கேட்டுவிடுவது பலருடைய பழக்கம். சொன்ன நோக்கத்துக்கு எத்தனை நாள் தேவையோ அத்தனையைக் கேட்பது பாட்டியின் ஏற்பாட்டோடும் தந்தையின் சேமிப்போடும் பொருந்தி வருகிறது.

இப்போது மூன்றாவது வகை. சூப்பர் விசாவில் வரும் பெற்றோர் ஒரே நுழைவில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். 2022 ஜூலைக்கு முன் இது இரண்டு ஆண்டாக இருந்தது. விசா பத்து ஆண்டு வரை பலமுறை நுழைவுக்குச் செல்லும்படி வழங்கப்படலாம். இவ்வளவு பெரிய அனுமதிக்கு ஈடாகக் கடிதத்தின் தன்மையே மாறுகிறது. விசிட்டர் விசாவில் அழைப்புக் கடிதம் ஒரு துணைச் சான்று. அது இருந்தாலும் விசா உறுதியில்லை, இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். சூப்பர் விசாவிலோ, பெற்றோர் தங்கும் காலம் முழுவதும் நிதி ஆதரவு தருவதாகப் பிள்ளை அல்லது பேரப்பிள்ளை கையெழுத்திட்ட உறுதியும், வீட்டில் இருப்போரின் பட்டியலும் எண்ணிக்கையும், அழைப்பவரின் குடியுரிமைச் சான்றும் கட்டாயம். அழைப்பவர் கனடாக் குடிமகனாகவோ நிரந்தரக் குடியுரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். கனடாவின் பூர்வகுடிச் சட்டப்படி பதிவு பெற்றவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. மகள் வேலை அனுமதியிலோ படிப்பு அனுமதியிலோ இருந்தால் இந்தத் தேர்வு இல்லவே இல்லை. அவள் விசிட்டர் விசாக் கடிதத்தையே எழுத வேண்டும்.

உறுதிக் கடிதத்தோடு மேலும் சில நிபந்தனைகள் வருகின்றன. அழைப்பவரின் வருமானம், குடும்பத்தின் அளவுக்கு ஏற்பக் குறிக்கப்பட்ட குறைந்தபட்ச வரம்பை எட்ட வேண்டும். வரம்பு ஆண்டுதோறும் திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும் நாளில் துறையின் அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவரின் வருமானம் போதாவிட்டால் கணவன் அல்லது மனைவியும் சேர்ந்து கையெழுத்திடலாம். பெற்றோர் குடிவரவு மருத்துவப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஓராண்டுக்கு, ஒருவருக்கு 1,00,000 கனடா டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். விலைப்புள்ளியைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள், பணம் கட்டியதற்கான சான்று வேண்டும்.

குடும்ப அளவைக் கணக்கிடும் இடத்தில்தான் தவறு நேர்கிறது. நாம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களை எண்ணுவோம். இங்கே எண்ண வேண்டியது அழைப்பவர், அவருடைய கணவன் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் குழந்தைகள், இப்போது அழைக்கப்படும் பெற்றோர், ஏற்கெனவே வேறு யாருக்காவது ஆதரவு உறுதி கொடுத்து அது இன்னும் நடப்பில் இருந்தால் அவர்கள் ஆகியோரை. நம் மகளுக்குத் தானும் கணவரும் இரண்டு, பெற்றோர் இரண்டு, ஆக நான்கு. பிறக்கப்போகும் குழந்தையைப் பட்டியலில் பெயரற்ற ஓர் உறுப்பினராக எழுத வேண்டாம்; எதிர்பார்க்கும் தேதியை நோக்கப் பத்தியில் சொன்னால் போதும். ஆனாலும் ஐந்து பேருக்கான வரம்பையும் வருமானம் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் துணிவதே பாதுகாப்பு, ஏனெனில் முடிவு வருவதற்குள் குழந்தை பிறந்துவிடலாம். கணவர் முன்பே பொறுப்பேற்று நிரந்தரக் குடியுரிமைக்கு வரவழைத்த தன் பெற்றோர் இருந்து, அந்தப் பொறுப்புக் காலம் முடியாமல் இருந்தால், நான்கு என்பது ஆறாகிவிடும். மாமனார் மாமியார் தனி வீட்டில்தான் இருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் அவர்களை விட்டுவிட்டால், கணக்கும் வரம்பும் இரண்டுமே தவறிவிடும்.

சூப்பர் விசாவில் பிள்ளையே முழுப் பொறுப்பேற்பதால், பெற்றோரின் ஓய்வூதியமும் வீடும் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சொந்த நாட்டோடு உள்ள பிணைப்பு, பயண நோக்கம், குடும்ப நிலை, பண நிலை ஆகியவற்றை அதிகாரி இங்கேயும் எடைபோடுகிறார். மகளின் உறுதிக் கடிதத்தில் தந்தையின் செம்பூர் வீட்டைப் பற்றிய ஒரு பத்தி இங்கேயும் இருக்க வேண்டும்.

செலவை வைத்துப் பார்த்தால் இரண்டு விசாக்களுக்கும் விண்ணப்பக் கட்டணம் ஒன்றுதான்: ஒருவருக்கு 100 கனடா டாலர், கைரேகைக்கு ஒருவருக்கு 85, சேர்ந்து விண்ணப்பிக்கும் குடும்பத்துக்கு அதிகபட்சம் 170. வேறுபாடு காப்பீட்டில் வருகிறது. 66 வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு ஓராண்டுக் காப்பீடு, நான்கு மாதக் காப்பீட்டைவிடப் பெருமளவு கூடுதலாகும். முன்பே இருக்கும் நோய்க்கு, குறிப்பிட்ட மாதங்கள் மருந்தளவு மாறாமல் இருந்திருக்க வேண்டும் போன்ற நிபந்தனைகளும் பாலிசியில் இருக்கும். விசிட்டர் விசாவில் காப்பீடு கட்டாயமில்லை. ஆனால் பார்வையாளரின் மருத்துவமனைச் செலவை அங்குள்ள மாகாண அரசின் திட்டம் ஏற்காது என்பதால், கட்டாயமில்லை என்ற காரணத்துக்காகக் காப்பீடு இல்லாமல் போவதை நான் எந்தக் குடும்பத்துக்கும் ஆதரிக்க மாட்டேன்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, இந்தக் குடும்பத்துக்கு இந்த ஆண்டில் ஏற்றது விசிட்டர் விசாவும் பகிர்வுக் கடிதமும்தான் என்று நினைக்கிறேன். தங்கப்போவது நான்கு மாதம். தந்தையிடம் காட்டத்தக்க சேமிப்பு இருக்கிறது. பாட்டியை விட்டு ஓராண்டு, ஈராண்டு இருக்கவும் முடியாது. ஐந்து ஆண்டு தங்க அனுமதி தரும் விசாவைக் கேட்டுவிட்டு நான்கு மாதத்தில் திரும்புவோம் என்று எழுதுவதில் தவறு எதுவும் இல்லை என்றாலும், அதற்காகப் பரிசோதனையும் ஓராண்டுக் காப்பீடும் ஏற்பது வீண் சுமை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின், பெற்றோர் ஆண்டில் பாதி அங்கும் பாதி இங்குமாக இருக்கும் நிலை வந்தால், அல்லது ஒருவர் மட்டும் தனித்து நின்று மகளோடு நீண்ட காலம் இருக்க வேண்டி வந்தால், அப்போது சூப்பர் விசா பொருத்தமாகும். முதல் பயணத்தில் சொன்ன தேதியில் திரும்பிய பதிவும் அப்போது துணை நிற்கும். நேர்மாறாக, பெற்றோரிடம் காட்டத்தக்க வருமானம் இல்லை, பிள்ளைகள் இருவரும் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், நீண்ட தங்கலே நோக்கம் என்றால், இரண்டாவது வகையில் தயங்கி நிற்பதைக் காட்டிலும் தொடக்கத்திலேயே சூப்பர் விசாவுக்குப் போவது தெளிவான வழி.

எந்த வகையாக இருந்தாலும், எண்களை மிகைப்படுத்தி எழுதக் கூடாது. தவறான தகவல் தந்ததாகத் தீர்மானமானால், கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40 ஆம் பிரிவின்படி விண்ணப்பித்தவர் ஐந்து ஆண்டு அந்த நாட்டுக்குள் நுழையத் தகுதி இழப்பார். கடிதத்தை எழுதியவள் மகள் என்றாலும், தடை விழுவது விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட தந்தைமீது.

கடிதம் ஆங்கிலத்தில் தயாரானதும், அதன் உள்ளடக்கத்தைப் பெற்றோருக்குத் தமிழில் முழுவதும் படித்துக் காட்ட வேண்டும். ஒரு நகலைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். விசா என்பது புறப்பட்டுப் போவதற்கான அனுமதிதான். எத்தனை நாள் தங்கலாம் என்பதை டொராண்டோ விமான நிலையத்தில் இருக்கும் எல்லை அதிகாரிதான் தீர்மானிக்கிறார். எதற்காக வந்தீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள், செலவு யாருடையது, எப்போது திரும்புவீர்கள் என்று அவர் கேட்பவை பெரும்பாலும் கடிதத்தில் எழுதியவையே. ஆங்கிலம் பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்பதையும், டிக்கெட் என் பணம், சாப்பாடும் தங்குவதும் பெண் வீட்டில், டிசம்பர் 18 அன்று திரும்புகிறோம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்பதையும் புறப்படுவதற்கு முந்தின வாரத்தில் மகள் மீண்டும் ஒரு முறை இருவருக்கும் சொல்லிவிட வேண்டும்.